10 கிராம் புரதத்துக்கு எத்தனை கலோரி? ராமநாதபுரம் கடற்கரைக் கடைகளில் ஒரு கணக்கு

எடை குறைக்கச் சொல்லித் தரும் ஆலோசனைகள் பெரும்பாலும் வீட்டில் சமைத்து, டப்பாவில் எடுத்துப் போகிறவர்களுக்கானவை. மண்டபத்தில் விடியற்காலையில் ஐஸ் பெட்டி ஏற்றுகிறவருக்கும், பாம்பனில் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும், கீழக்கரையில் ஆரம்பித்துத் தொண்டி வரைக்கும் லைன் போகிற என் மாதிரி ஆளுக்கும் அது ஒத்துவராது. எங்களுக்குக் காலை டீக்கடை, ஒன்பது மணிக்கு டிபன் கடை, சாயங்காலம் தள்ளுவண்டி, ராத்திரி பரோட்டாக் கடை. இந்த நாலு இடத்திலும் டயட்டை விடாமல் சாப்பிட முடியும், அதுவும் புரதத்தைக் குறைக்காமல். நான் அப்படித்தான் சாப்பிடுகிறேன், கூட வேலை பார்க்கிற சிலருக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

பலரும் "இதுல புரோட்டீன் இருக்கா?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எல்லாக் கடைக்காரரும் ஆமாம் என்றுதான் சொல்வார், சொன்னால் பொய்யும் இல்லை. வடையில் உளுந்து இருக்கிறது, பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறது, பரோட்டாவில்கூட மைதாவின் புரதம் கொஞ்சம் இருக்கிறது. டயட்டில் இருப்பவர் கேட்க வேண்டியது வேறு: இந்தப் பண்டத்தில் 10 கிராம் புரதம் வேண்டுமென்றால் அதற்கு எத்தனை கலோரி சாப்பிட வேண்டியிருக்கிறது? எடை குறைய ஒரு நாளைக்கு இவ்வளவு கலோரிதான் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறோம். வரம்பு சுருங்குகிறது, ஆனால் உடம்புக்குத் தேவையான புரதம் சுருங்குவதில்லை. சொல்லப்போனால் சாப்பாட்டைக் குறைக்கும்போது தசை கரையாமல் இருக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் சாதாரணமாக இருக்கும் பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று சொல்லியிருக்கிறது. எடை குறைக்கும்போது 1.2 கிராம் வரை, உடற்பயிற்சியும் செய்தால் அதற்கு மேலும் எடுக்கச் சொல்வது வழக்கம். 75 கிலோ ஆளுக்கு 90 கிராம். (சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம், அவர்களுக்கு அளவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.)

இந்தக் கேள்வியோடு டீக்கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது கண்ணாடிப் பெட்டிக்கு மேலே தட்டில் அடுக்கியிருக்கும் அவித்த முட்டை. ஒரு முட்டை ஏறக்குறைய 6 கிராம் புரதம், 70 கலோரிக்குக் கொஞ்சம் மேலே. அதாவது 10 கிராமுக்கு 120 கலோரி. கடைப் பண்டங்களில் இந்த விலைக்கு, இந்தச் சுத்தத்தோடு, எண்ணெயே படாமல் கிடைக்கிற வேறு ஒன்றை எனக்குத் தெரியாது. ஓட்டோடு இருக்கும் முட்டையாகக் கேளுங்கள், நீங்களே உரித்துக்கொள்ளலாம். உரித்து, இரண்டாகக் கீறி, மிளகுத்தூள் போட்டு வைத்திருப்பது எப்போது உரித்தது என்று தெரியாது. மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சையாக ஒரு வளையம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதிக நேரம் கொதித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். வழுவழுவென்று பிசுக்கு இருந்தாலோ வாடை வந்தாலோ தூரப் போட்டுவிடலாம்.

பச்சை முட்டையை அப்படியே உடைத்துக் குடிப்பவர்கள் எங்கள் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள், உடம்புக்குத் தெம்பு என்று. வேகாத முட்டையின் புரதத்தில் பாதி அளவுதான் உடம்பில் சேர்கிறது, வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு சேர்கிறது. வேகவைப்பதில் எதுவும் வீணாவதில்லை. ஆஃபாயில் பிடித்தவர்கள் சாப்பிடலாம், ஆனால் வெள்ளைக் கரு முழுசாகக் கெட்டியான பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

அதே கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் உளுந்த வடைக்கு வருவோம். உளுந்து புரதம் நிறைந்த பருப்புதான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் வடை மாவில் பாதிக்கு மேல் தண்ணீர், ஆட்டும்போது காற்றும் ஏறிவிடுகிறது. எண்ணெயில் விழுந்ததும் அந்தத் தண்ணீர் ஆவியாகி வெளியேறுகிறது, அது விட்ட இடத்தில் எண்ணெய் போய் உட்காருகிறது. சாதாரணக் கடை வடை ஒன்றில் புரதம் 3 கிராம் சொச்சம், கலோரி 130-க்குக் குறையாது. 10 கிராம் புரதத்துக்கு மூன்று வடை, 400 கலோரி. முட்டையைவிட மூன்று மடங்குக்கு மேல். வடையை ஆசைக்கு ஒன்று சாப்பிடுங்கள், நானும் சாப்பிடுகிறேன், ஆனால் புரதக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள். பருப்பு வடை கொஞ்சம் கெட்டி, புரதம் ஒரு துளி கூடும், மற்றபடி அதே கதைதான்.

டீயைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. ஒரு கிளாஸில் பால் கால்வாசியா பாதியா என்பதைப் பொறுத்து 1 கிராமோ 2 கிராமோ புரதம். இரண்டு ஸ்பூன் சர்க்கரைக்கு 40 கலோரி. ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறவர் சர்க்கரையை மட்டும் விட்டால் 160 கலோரி மிச்சம், அது இரண்டு முட்டைக்கு இடம் கொடுக்கும்.

டிபன் கடையில் நிலைமை கொஞ்சம் சிக்கல். இட்லி நல்ல உணவு, எண்ணெய் இல்லை, ஆனால் ஒரு இட்லிக்கு 2 கிராம்தான் புரதம். கடைச் சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர் அதிகம், ஒரு கரண்டிக்குப் பெரிதாக ஒன்றும் வராது. தேங்காய்ச் சட்னி ருசிக்கு, அதில் வருவது கொழுப்புதான். அதனால் அங்கே நான் செய்வது இட்லியைக் குறைத்து, தோசைக்கல் பக்கம் நிற்கிற அண்ணனிடம் டபுள் ஆம்லெட் போடச் சொல்வது. "அண்ணே, எண்ணெய் ஒரு சொட்டு போதும், துணியால தடவிட்டு ஊத்துங்க" என்று முன்னாடியே சொல்லிவிட வேண்டும், முட்டை கல்லில் விழுந்த பிறகு சொல்லிப் பிரயோசனமில்லை. அவர் கை பழக்கத்தில் ஒரு குழிக் கரண்டி எண்ணெய் ஊற்றினால் அதுவே 100 கலோரிக்கு மேல். முட்டைத் தோசையும் மோசமில்லை. மாவை மெல்லிசாகத் தேய்த்து மேலே இரண்டு முட்டை உடைத்து ஊற்றச் சொன்னால் 15 கிராம் புரதத்துக்குக் கிட்டே வந்துவிடும்.

இனி மீன். இந்தக் கடற்கரையில் பிறந்தவருக்கு டயட் இருப்பது மற்ற ஊர்க்காரர்களைவிட லேசு என்று நான் சொல்வதற்கு மீன்தான் காரணம். சதைப்பற்றுள்ள மீன் 100 கிராமில் 18 முதல் 20 கிராம் வரை புரதம் இருக்கும், வெந்து தண்ணீர் வற்றிய பிறகு அதே எடைக்கு இன்னும் கூடும். சீலா, விளமீன், பாறை எதுவானாலும் சரி. கொழுப்பு குறைந்த மீனை வெறுமனே வேகவைத்தால் 10 கிராம் புரதத்துக்கு 50, 60 கலோரிதான், முட்டையில் பாதி. ஆனால் கடையில் யாரும் வேகவைத்துத் தரப்போவதில்லை. வறுத்துத்தான் தருவார்கள். அதனால் எப்படி வறுக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் மீன் வறுக்கும் கடைகளில் இரண்டு விதம் பார்க்கலாம். ஒன்று, அகலமான தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் துண்டை வைத்துத் திருப்பிப் போடுவது. இன்னொன்று, எண்ணெய்ச் சட்டியில் முழுசாக முக்கி எடுப்பது. கல்லில் போடுவதில் ஒரு துண்டுக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய்க்குள் ஏறும், சட்டியில் பொரித்தால் அது மேலே பூசியிருக்கும் மாவைப் பொறுத்தது. மசாலாவில் மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, பூண்டு, எலுமிச்சை மட்டும் இருந்தால் சட்டியில் பொரித்தாலும் மீன் குடிக்கிற எண்ணெய் மட்டு. கார்ன்ஃப்ளவரும் மைதாவும் கலந்து கெட்டியாகப் பூசினால் அந்த மாவுதான் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்ளும். எது என்று கண்டுபிடிப்பது சுலபம். துண்டின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பாருங்கள். மேல் பூச்சு தகடாகக் கழன்று வந்து, உள்ளே மீன் வெள்ளையாகத் தனியே இருந்தால் மாவுப் பூச்சு. மசாலா தோலோடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் தோலும் சேர்ந்து வந்தால் மாவு இல்லை அல்லது பேருக்குத்தான். மாவுப் பூச்சு வந்துவிட்டால் சண்டை எதற்கு, தகட்டை ஒதுக்கிவிட்டு மீனைச் சாப்பிட்டுப் போகலாம்.

மீனின் அளவும் கணக்கில் வரும். நெத்திலி மாதிரிப் பொடி மீனில் சதையைவிட மேற்பரப்பு அதிகம், ஆகையால் எண்ணெய் பிடிப்பதும் அதிகம். அதே எண்ணெயில் பொரித்த கனமான சீலாத் துண்டு எடைக்கு எடை பார்த்தால் குறைவாகவே குடிக்கும். நெத்திலியை விடச் சொல்லவில்லை, முள்ளோடு கடித்துத் தின்பதால் சுண்ணாம்புச் சத்துக்கு அதைப் போல வராது, ஆனால் குழம்பில் போட்ட நெத்திலி டயட்டுக்கு ஏற்றது. கணவாயும் அப்படியே. கொழுப்பே இல்லாத சதை, புரதம் மீனைவிடச் சற்றுக் குறைவு. சுற்றுலாக்காரர்கள் வரும் கடைகளில் அதை வளையம் வளையமாக வெட்டி மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள், நம் ஆட்களின் கடையில் வெங்காயம் மிளகு போட்டுக் கல்லில் பிரட்டித் தருகிறார்கள். இரண்டாவதை வாங்குங்கள்.

மீனில் ஒரு விஷயம் மட்டும் கவனமாக இருக்க வேண்டியது. சூரை, அயிலை மாதிரி சிவப்புச் சதை மீன்களை ஐஸில்லாமல் வெயிலில் போட்டுவைத்தால் அதில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். எத்தனை கொதிக்கிற எண்ணெயில் பொரித்தாலும் அது போகாது. சாப்பிடும்போதே நாக்கில் மிளகு கடித்த மாதிரி ஒரு குறுகுறுப்பு, கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து அரிப்பு, தலைவலி வரும். மசாலாக் காரம் என்று நினைத்துப் பலர் தின்றுவிடுகிறார்கள். காரத்துக்குச் சம்பந்தமில்லாத அந்தக் குறுகுறுப்பு வந்தால் அப்படியே வைத்துவிட வேண்டும், மூச்சு முட்டினால் உடனே ஆஸ்பத்திரி. மசாலா தடவிய மீனை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்து, கேட்ட பிறகு எடுக்கிற கடையில் வாங்குவது நல்லது.

எண்ணெயையும் பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து வறுத்த எண்ணெய்க்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறது: எண்ணெய் திரும்பத் திரும்பக் காய்ந்து கெடும்போது உண்டாகிற போலார் பொருள்கள் அதில் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது. கருவி இல்லாமல் அதை நாம் அளக்க முடியாது, ஆனால் கெட்டுப்போன எண்ணெய் கண்ணுக்குத் தெரியும். துண்டு போட்டதும் சின்னக் குமிழி வந்து அடங்காமல் நுரை நுரையாகப் பொங்கும், அடுப்பு மெதுவாக எரியும்போதே புகையும், கரண்டியிலிருந்து வழியும்போது பாகு மாதிரி இருக்கும். அந்தக் கடையில் டீ மட்டும் குடித்துவிட்டு வரலாம்.

தள்ளுவண்டிச் சுண்டலைச் சைவக்காரர்களுக்காகத் தனியாகச் சொல்கிறேன், ராமேஸ்வரம் கோயில் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு முட்டை, மீனைவிட அதுதான் கைக்கு எட்டும். வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம் புரதம், 160 கலோரி சொச்சம். 10 கிராமுக்கு 190 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம், நார்ச்சத்து இருப்பதால் வயிறும் தாங்கும். தட்டைப்பயறு, பச்சைப்பயறு, பட்டாணி எல்லாம் இதே வரிசை. வண்டிக்காரர் பொட்டலத்தில் தேங்காய், மாங்காய், வெங்காயம் சேர்த்துக் கட்டுவதால் கடலை நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒருமுறை சமையல் தராசில் வைத்துப் பாருங்கள், அதற்குப் பிறகு இரண்டு பொட்டலம் வாங்குவீர்கள். தேங்காயைக் குறைத்து மாங்காயைக் கூட்டச் சொல்லலாம். வேகவைத்த வேர்க்கடலையும் நல்லதுதான், கொழுப்பு அதிகம் என்பதால் 10 கிராமுக்கு 240 கலோரி வரை போகும், ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பேரைப் பார்த்து ஏமாறும் இரண்டு பண்டங்கள் உண்டு. ஒன்று சாயங்கால வண்டியில் விற்கிற காளான் மசாலா. பல வண்டிகளில் அது முட்டைக்கோஸையும் மைதாவையும் பிசைந்து பொரித்து, சாஸில் மறுபடி கொத்திப் போடுவது, காளான் தேடினாலும் அகப்படாது. நிஜக் காளான் இருந்தாலும் அதில் புரதம் 100 கிராமுக்கு 3 கிராம்தான். இன்னொன்று ஆட்டுக்கால் சூப். சூடாகக் குடிக்க இதமாக இருக்கும், கலோரியும் அதிகமில்லை. ஆனால் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்குவது கொலாஜன் என்ற புரதம், தசைக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் டிரிப்டோபன் அதில் அறவே கிடையாது. முட்டைக்கும் மீனுக்கும் மாற்றாக அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

இத்தனையும் ஒரு ஆளுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று காட்டுகிறேன். எனக்குத் தம்பி முறை, மண்டபத்திலிருந்து ராமநாதபுரத்துக்கு மீன் வண்டி ஓட்டுகிறான், எடை 75 கிலோவுக்குப் பக்கம். அவன் காலையில் சர்க்கரை போட்ட டீயும் இரண்டு வடையும் சாப்பிடுவான், ராத்திரி மூன்று பரோட்டாவும் சால்னாவும். மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, அதை நாங்கள் தொடவில்லை. காலை வேளையில் மட்டும் 350 கலோரி, புரதம் 8 கிராம். ராத்திரி பரோட்டா ஒன்றுக்கு 280 கலோரி குறையாது, சால்னாவில் மிதக்கிற எண்ணெயோடு சேர்த்தால் 950 வரும், புரதம் 18 கிராம். இரண்டு வேளைக்கும் சேர்த்து 1,300 கலோரி, 26 கிராம் புரதம்.

அவனிடம் கடையை மாற்றச் சொல்லவில்லை. காலையில் சர்க்கரை இல்லாத டீ, அவித்த முட்டை இரண்டு: 190 கலோரி, 14 கிராம். ராத்திரி அதே பரோட்டாக் கடையில் ஒரே ஒரு பரோட்டா, சால்னாவுக்குப் பதில் டபுள் ஆம்லெட், பக்கத்துக் கல்லில் வறுத்த மீன் துண்டு ஒன்று. பரோட்டாவுக்கு 280, ஆம்லெட்டுக்கு எண்ணெயோடு 200, முள் நீக்கி 100 கிராம் வரும் மீனுக்கு எண்ணெயோடு 200, ஆக 680 கலோரி. புரதம் 6, 12, 20 என்று 38 கிராம். இரண்டு வேளைக்கும் கூட்டினால் 870 கலோரி, 52 கிராம் புரதம். கலோரி 430 குறைந்து, புரதம் இரண்டு மடங்கு. மீதி 40 கிராமை ஒன்பது மணி டிபனும் மத்தியானச் சாப்பாடும் சாயங்காலச் சுண்டலும் பங்கு போட்டுக்கொள்ளும். "பரோட்டாவ நிறுத்தச் சொல்வேன்னுல்ல பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றான். நிறுத்தச் சொன்னால் அவன் ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். தூரம் ஓட்டி வந்தவனுக்கு ராத்திரி ஒரு பரோட்டா இருக்கத்தான் வேண்டும்.

கணக்கெல்லாம் முழு எண்ணாகத்தான் சொல்லியிருக்கிறேன், கடைக்குக் கடை கை அளவு மாறும். பத்து இருபது சதவீதம் முன்னே பின்னே இருந்தாலும் வடையும் முட்டையும் இடம் மாறப்போவதில்லை.

இந்தக் கணக்கு கொஞ்சம் ஆட்டம் காண்பது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தான் கரைக்கு வரும், விலை ஏறிவிடும். கடைகளில் ரொம்ப நாள் ஐஸில் இருந்த மீனும் தலைகாட்டும். அந்த இரண்டு மாதம் ராத்திரி மீன் துண்டுக்குப் பதில் இன்னும் இரண்டு முட்டை, அல்லது சூடை மாதிரி விலை குறைந்த சின்ன மீன் கிடைத்தால் குழம்பில். அப்போது பலரும் கருவாட்டுக்குப் போவார்கள். தண்ணீர் வற்றியிருப்பதால் எடைக்குப் பார்த்தால் கருவாட்டில்தான் புரதம் அதிகம், ஆனால் ஒரு வேளைக்கு நாம் சாப்பிடுவது சின்னத் துண்டு, அதற்கே உப்பு தாராளமாக இறங்கிவிடும். வெந்நீரில் ஊறவைத்து, தண்ணீரை இரண்டு முறை மாற்றிக் கழுவினால் உப்பு ஓரளவு இறங்கும். கடையில் அவ்வளவு பொறுமையாகச் செய்கிறார்களா என்று கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள், ரத்தக் கொதிப்பு இருப்பவர்கள் கடைக் கருவாட்டை விட்டுவிட்டு முட்டையிலேயே இருங்கள்.